ஆறு வருடத்தில் 61-லிருந்து 74: என் கைக்கடிகாரம் எச்சரிக்காத ஏற்றம்

நாடித்துடிப்பு அளக்கும் கைக்கடிகாரத்தை ஆறு வருடமாகக் கட்டுகிறேன். முதல் வருடம் ஓய்வு நேரத் துடிப்பின் சராசரி நிமிடத்துக்கு 61, ஆறாம் வருடம் 74. இடையில் ஒருநாள்கூட அது எச்சரித்ததில்லை. குறை சொல்லவும் முடியாது. பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பதுதான் பொதுக் கணக்கு. வருடத்துக்கு இரண்டு துடிப்பு ஏறினால் வார வரைபடத்தில் தெரியாது. ஆறு வருடத்தையும் சேர்த்து விரித்துப் பார்த்த அன்றுதான் கண்ணில் பட்டது.

முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். மூன்றாம் வருடம் கடிகாரத்தை மாற்றியிருந்தேன். 'ஓய்வு' என்பதை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடும். ஆனால் கருவியால் வரும் மாற்றம் படிக்கட்டு மாதிரி ஒரே நாளில் குதிக்கும். என் வரைபடத்திலும் அப்படி 3 துடிப்பு குதித்திருந்தது. மீதிப் பத்தும் மெல்ல மெல்ல ஏறியவை. ஒரு வாரம் காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், மணிக்கட்டில் விரல் வைத்து முழு நிமிடம் எண்ணினேன். 72, 73 என்றே வந்தது. சரி, ஏற்றம் நிஜம்தான்.

'வயசாகுது, அதான்' என்று தள்ளிவிடப் பார்த்தேன். ஆனால் வயதோடு குறைவது ஓடும்போது எட்டும் உச்சத் துடிப்பு. ஓய்வுத் துடிப்பு வயதால் மட்டும் இவ்வளவு ஏறாது. அப்புறம், நடைப்பயிற்சி விட்டுப்போனதுதான் காரணம் என்று முடிவுகட்டினேன். அதில் பாதிதான் உண்மை.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி மாதவிடாய் பற்றியது. சில வருடங்களாகவே உதிரப்போக்கு அதிகம்; பழகிப்போனதால் யாரிடமும் சொன்னதில்லை. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 6. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் துடிப்பு ஏறும் என்பதால் அதையும் பார்த்தார், சரியாக இருந்தது.

அவர் சொன்ன விளக்கம் எளிது. ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. ஒவ்வொரு லிட்டரும் சுமக்கும் ஆக்சிஜன் குறைந்தால், அதே தேவைக்கு அதிக லிட்டர் தள்ள வேண்டும். இதயம் வேகமாக அடிக்கிறது. பயிற்சி விட்டுப்போனால் கதை வேறு: ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு குறைவதால் எண்ணிக்கை கூடுகிறது. இரண்டுக்கும் வரைபடம் ஒரே மாதிரிதான். மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதுகூட இரண்டிலும் உண்டு. ரத்தப் பரிசோதனை இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது.

உதிரப்போக்குக்குத் தனியாகச் சிகிச்சை, கூடவே இரும்பு மாத்திரை. இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டது. சேமிப்பு நிரம்ப வேண்டும் என்று மாத்திரையை மேலும் மூன்று மாதம் தொடரச் சொன்னார். துடிப்பு 67-க்கு இறங்கி நின்றது. பழைய 61-க்கும் இதற்கும் இடையே உள்ள ஆறில், மூன்று கடிகாரம் மாற்றியதால் வந்தது. மீதி மூன்று நான் நடக்காமல் விட்டதன் கணக்கு.