சந்தை அசையாத நாள்ல கையைக் கட்ட எது நல்லது: நட்ட எல்லையா, நாளுக்கு ரெண்டா, கிழமைக்கு மூண்டா?

கிளிநொச்சி, வவுனியாவில இருந்து போன்ல கொழும்புப் பங்குச் சந்தையில வாங்கி விக்கிற எங்கட ஆக்களிட்ட காசு கரையிறது கூடுதலா மந்தமான நாள்லதான். போயாவுக்கு முதல்நாள் மாதிரி ஒண்டும் அசையாம கிடக்கும், ஆனா 9.30ல இருந்து 2.30 மட்டும் திரை கண்ணுக்கு முன்னால. பரந்தன்ல கடை வச்சிருக்கிற தம்பி ஒருத்தன், மத்தியானம் கடைக்கு ஆள் வராத நேரம், "அண்ணை, பார்த்துக்கொண்டே இருந்தன், சும்மா இருக்கேலாம ஒண்டு எடுத்திட்டன்" எண்டான்.

எடுத்தது 24.80க்கு 4,000 பங்கு, ரெண்டு நாளால 25.20க்கு வித்தான். அந்த ரெண்டு நாளும் அந்தப் பங்கின்ர அடியும் உச்சியும் இதுதான், அதைவிடத் திறமா ஒருத்தராலயும் செய்யேலாது. 1,600 ரூபா லாபம் மாதிரித்தான் தெரியும். ஆனா புரோக்கர் கமிஷன், வரி, மற்றக் கட்டணம் எல்லாம் சேர்த்து வழமையா வாங்கேக்க 1.12 சதவீதம், விக்கேக்கயும் 1.12 சதவீதம், அது 2,240 ரூபா வந்திட்டுது, ஆக 640 ரூபா நட்டம். 25.40க்கு வித்திருந்தாத்தான் முதலே திரும்பியிருக்கும், அந்த விலை அண்டைக்குச் சந்தையிலயே இல்ல.

இதை நிப்பாட்ட ஆக்கள் மூண்டு வழி சொல்லுவினம்.

முதலாவது, ஒரு நாளைக்கு இவ்வளவு நட்டம் வந்தா நிப்பாட்டுறது, 5,000 ரூபா எண்டு வையுங்கோ. விலை தாறுமாறா ஓடுற நாளுக்கு இது நல்ல காவல், கட்டாயம் வேணும். ஆனா மந்தமான நாள்ல இது வேலை செய்யாது, ஏன் எண்டா அண்டைக்கு நட்டம் சின்னன் சின்னனா வரும், 640, 700 எண்டு. எல்லையைத் தொடவே தொடாது, மனுசனும் "நான் கட்டுப்பாடாத்தான் இருக்கிறன்" எண்டு நினைச்சுக்கொண்டே ஆறேழு தரம் வாங்கி வித்திடுவார். கூடுதலாப் போறது கட்டணம், அதைத் தடுக்க எண்ணிக்கையில தான் கை வைக்கோணும்.

ரெண்டாவது, நாளுக்கு ரெண்டு தரம் மட்டும் வாங்கிறது. இது ஏழெட்டு எடுக்கிறவரை உடனடியா இழுத்துப் பிடிக்கும், அது உண்மை. ஆனா கொஞ்ச நாளில அந்த ரெண்டு, எல்லையா இல்லாம பங்கீட்டு அரிசி மாதிரி ஆயிடும், வாங்காட்டி வீணாப் போகுது எண்ட எண்ணம் வந்திடும். சந்தை நல்லா இருந்த நாளும் ரெண்டு, செத்துக் கிடந்த நாளும் ரெண்டு. ஒருத்தர் இப்பிடிச் சிக்கியிருக்கிறாரோ எண்டு பார்க்கிறது லேசு, அவரின்ர கொள்வனவுச் சீட்டுகளை எடுத்து நேரத்தைப் பாருங்கோ, ரெண்டாவது ஓடர் எப்பவும் ஒரு மணிக்குப் பிறகு விழுந்திருக்கும், நாளைக்கு இதைத்தான் வாங்கிறது எண்டு முதல்நாள் இரவு எழுதின பட்டியல்ல அந்தப் பங்கின்ர பேரே இருக்காது.

மூண்டாவது, கிழமைக்கு மூண்டு, ஒரு நாளைக்கு ஒண்டுக்கு மேல இல்ல. கடை, பள்ளிக்கூடம், வயல் எண்டு வேற வேலையோட இதைச் செய்யிறவைக்கு நான் இதைத்தான் சொல்லுவன். திங்கள் சும்மா ஒண்டை எடுத்தா வியாழக்கிழமை வாற நல்ல சந்தர்ப்பத்தை அது தின்னும் எண்டு தெரியும், அதால மந்தமான நாள்ல கை தானாப் பின்வாங்கும். நாளுக்கு ரெண்டில அந்த இழப்பு இல்ல, விடிஞ்சா புதுசா ரெண்டு வந்திடும்.

எண்ணிற விதத்தில தான் கனபேர் சறுக்கிறவை. புதுசா வாங்கிறதை மட்டும் எண்ணுங்கோ, விக்கிறதை எண்ணவே கூடாது. வித்தலையும் சேர்த்தா, இறங்கிற பங்கைக் கழிக்கவேண்டிய நேரத்தில "ஒண்டு குறைஞ்சிடும்" எண்டு வச்சுக்கொண்டு இருப்பியள், அது கட்டணத்தைவிடப் பெரிய நட்டம். 4,000 பங்குக்குப் போட்ட ஓடர் ரெண்டு மூண்டு துண்டா நிரம்பினா அது ஒண்டுதான். ஆனா வித்திட்டு அதே பங்கைத் திரும்ப எடுத்தா அது புது ஒண்டு. மிஞ்சினது அடுத்த கிழமைக்குப் போகாது, போனா ஒரு மந்தமான கிழமை முடிய ஆறு கையில இருக்கும், பழையபடி வாங்கத் தொடங்குவியள்.

மூண்டு எண்டதும் எல்லாருக்கும் பொருந்தாது. பழைய சீட்டுகளைப் பிரிச்சு, முதலே பட்டியல்ல இருந்து வாங்கினது கிழமைக்கு எத்தினை எண்டு பாருங்கோ, அந்த எண்ணிக்கைதான் உங்கட எல்லை. முழுநேரமா இதிலயே இருக்கிறவைக்கு நாளுக்கு ரெண்டு சரிவரலாம், ஆனா அவையும் நட்ட எல்லையைக் கூட வச்சிருக்கோணும். பரந்தன் தம்பிக்கு வந்த கணக்கு கிழமைக்கு ரெண்டு. இப்ப அவன் இரவில விலையை முடிவெடுத்து, காலமை சந்தை திறக்க முதல் லிமிட் ஓடரைப் போட்டிட்டுப் போனை லாச்சிக்குள்ள வைக்கிறான், நிரம்பினா நிரம்பட்டும், நிரம்பாட்டி 2.30க்குப் பிறகு பார்ப்பம் எண்டு.