முத்திரை ஒன்று, தட்டு வேறு: வீட்டு வயரிங் பொருட்களுடன் சில ஆண்டுகள்

புதிதாக வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், என் வீட்டில் போட்டிருக்கும் அதே சுவிட்ச், அதே வயர், மின்னோட்டம் மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் அதே எம்.சி.பி.யைத் தாமும் வாங்கலாமா என்று கேட்டார். குளியலறை ஹீட்டரின் சாக்கெட் கருகி, அதை மாற்றி முடித்த வாரத்தில் அவர் கேட்டதால், இந்தப் பதிலில் சற்றுச் சூடு இருக்கும். ஆயினும் நியாயமாகச் சொல்ல முயல்கிறேன்.

சுவிட்சில் முதல் அடுக்கு நிறுவனமொன்றின் உயர்ந்த ரகத்தையும், வயரில் முதல் அடுக்கையும், எம்.சி.பி.யில் நடுத்தர அடுக்கையும் தேர்ந்தெடுத்திருந்தேன். மூன்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. முத்திரையைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதன் மேலே உள்ள தர எண்ணையும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணையும் பார்ப்பதில்லை. பி.வி.சி. உறை வயருக்கு 694, சுவிட்சுக்கு 3854, சாக்கெட்டுக்கு 1293, எம்.சி.பி.க்கு 60898 என எண்கள் வேறுபடுகின்றன. ஆகவே சுவிட்சில் முத்திரை இருப்பது, அதே தட்டில் பக்கத்தில் அமரும் சாக்கெட்டுக்குச் சாட்சியாகாது. உரிம எண் உண்மையானதா என்பதை, முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். முத்திரைக்கான சோதனையைத் தாண்டிய இரண்டு பொருட்கள் முதல் அடுக்கிலும் இரண்டாம் அடுக்கிலும் இருக்கலாம். முத்திரை கேட்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். அதற்கு மேல் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது என்பதே கேள்வி.

சுவிட்சில் அது பெரும்பாலும் தோற்றத்துக்குப் போகிறது. என் சுவிட்சுகளின் நிறம் மங்கவில்லை, தட்டும் ஒலி முதல் நாளில் இருந்தது போலவே இறுக்கமாக இருக்கிறது, ஒன்றுகூட நடுவில் சிக்கி நின்றதில்லை. இவ்வளவு பாராட்டியபின்பும் அந்த ரகத்தை நண்பருக்கு நான் பரிந்துரைக்கவில்லை. கருகிய 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்று தேடியபோது, அந்த ரகத்தையே நிறுவனம் நிறுத்திவிட்டது தெரியவந்தது. அதே நிறுவனத்தின் புதிய ரகம், சுவிட்சுகளைத் தாங்கும் பழைய சட்டத்தில் அமரவில்லை. வேறு நிறுவனத்தினுடையது அமரும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். மாடுலர் சுவிட்ச் எந்தச் சட்டத்தில் எப்படிப் பொருந்த வேண்டும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்துகொள்கிறது. ஒரு சாக்கெட்டுக்காகச் சட்டம், தட்டு, அதிலிருந்த நல்ல சுவிட்சுகள் அனைத்தையும் மாற்றினோம். எம்.சி.பி.யில் இந்தத் தொல்லை இல்லை: எல்லாம் 35 மி.மீ. தண்டவாளத்தில் மாட்டுபவை, ஒரு முனை எம்.சி.பி.யின் அகலம் ஏறத்தாழ 18 மி.மீ., எனவே ஒன்று பழுதானால் வேறு நிறுவனத்தினுடையதை அந்த இடத்திலேயே மாட்டிவிடலாம். சீப்பு போன்ற செம்புப் பட்டையால் இணைத்திருந்தால் மட்டும் உயரம் ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாக்கெட் கருகியதற்கு ரகத்தை முழுமையாகக் குற்றம் சொல்ல முடியாது. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அது சுமையே அல்ல. வயரைப் பிடிக்கும் டெர்மினல் திருகு தளர்ந்து, இணைப்பில் 0.1 ஓம் தடை உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், விரல் நகத்தினும் சிறிய அந்த இடத்தில் ஏழரை வாட் வெப்பம் ஹீட்டர் ஓடும் நேரமெல்லாம் பிறக்கிறது. நல்ல இணைப்பின் தடை ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். அங்கே வெப்பம் அரை வாட்டைத் தாண்டாது. இவ்வளவு சூட்டிலும் எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று வீட்டில் கேட்டார்கள். தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, மிகச் சிறிதளவு குறைக்கவே செய்கிறது, கூடினால்தான் எம்.சி.பி.க்குத் தெரியும். கசிவைப் பார்க்கும் ஆர்.சி.சி.பி.க்கும் இது தெரியாது. எவ்வளவு விலையுயர்ந்த பிரேக்கரும் காணாத பழுது இது. கையால்தான் கண்டறிய வேண்டும்: ஹீட்டர் ஓடி முடிந்ததும் தட்டு வெதுவெதுப்பாக இருப்பது, பிளக்கின் ஒரு முள் மட்டும் நிறம் மாறியிருப்பது, சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பேறுவது.

ரகத்தின் மீது எனக்கு எஞ்சும் கோபம் டெர்மினலைப் பற்றியது. அதில் திருகின் முனை பல இழைச் செம்பின் மீது நேராக இறங்குகிறது. சில இழைகளை வெட்டி, சிலவற்றை ஒதுக்கிவிட்டு, நாளடைவில் பிடி தளர்கிறது. மாற்றாக வாங்கிய, அதைவிட மலிவான ரகத்தில் திருகுக்கும் செம்புக்கும் இடையே ஒரு சிறு உலோகத் தகடு இருந்து, இழைகளை ஒன்றாக அழுத்துகிறது. கடையில் தட்டின் பளபளப்பைத் தடவிப் பார்ப்பதற்குப் பதிலாக, சாக்கெட்டைத் திருப்பி டெர்மினலுக்குள் எட்டிப் பாருங்கள். எலக்ட்ரீஷியனிடம் வயர் முனையில் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழலை மாட்டி நசுக்கச் சொல்லுங்கள். ஈயம் பற்றவைக்க வேண்டாம், திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நகர்ந்து மீண்டும் தளரும்.

நடுத்தர அடுக்கு எம்.சி.பி. என்னை ஒருமுறையும் ஏமாற்றவில்லை. அங்கே பெயரைவிட முகப்பில் உள்ள எழுத்துகள் முக்கியம். சி16 என்றால் 16 ஆம்பியர். திடீர் மின்னோட்டம் அதைப்போல் ஐந்து முதல் பத்து மடங்குக்குள் எட்டும்போது உடனே விழும். பி வகைக்கு அது மூன்று முதல் ஐந்து மடங்கு. செவ்வகத்துக்குள் உள்ள 6000 அல்லது 10000, எத்தனை ஆம்பியர் குறுக்குச்சுற்றைப் பாதுகாப்பாக அறுக்கும் என்பது. பலர் கவனிக்காதது ஒன்றுண்டு: தரத்தின்படி 1.13 மடங்கு மின்னோட்டத்தில் ஒரு மணி நேரம் வரை அது விழக்கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி. ஏறத்தாழ 23 ஆம்பியரைச் சிறிது நேரம் அனுமதிக்கும், 2.5 சதுர மி.மீ. வயர் அதைத் தாங்கிவிடும். அடிக்கடி விழுகிறது என்று அங்கே 32 ஆம்பியரைப் போட்டால், 46 ஆம்பியர் வரை வயர் சுவருக்குள் வேகும். முதல் அடுக்கு வயரும் அதில் தப்பாது.

வயரில் மட்டும் நான் செலவிட்டதற்கு வருந்தவில்லை, ஏனெனில் சுவிட்சைப்போல் அதை எளிதில் மாற்ற முடியாது. வாங்கும்போது சோதிக்க ஒரு வழி உண்டு. வளையும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயரின் தடை, 20 டிகிரியில், கிலோமீட்டருக்கு 7.98 ஓமுக்கு மேற்படக் கூடாது. 90 மீட்டர் சுருளின் இரு முனைகளுக்கிடையே அது 0.72 ஓம், வெயில் நாளில் 0.78 வரை காட்டலாம். மீட்டர் கம்பிகளின் தடையைக் கழித்தபின்பும் 0.9 காட்டினால் செம்பு குறைவு அல்லது கலப்பு. நீளம் குறைந்த சுருளில் மெல்லிய செம்பும் சரியான எண்ணைக் காட்டிவிடும் என்பதால், உறையில் மீட்டர் குறி அச்சிட்டிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

நண்பருக்கு என் பதில் இதுதான்: அதே வயர், அதே அடுக்கு எம்.சி.பி.; சுவிட்சில் நடுத்தர அடுக்கில் நெடுநாளாகக் கடைகளில் கிடைக்கும் எளிய ரகம், அதிலும் 16 ஆம்பியர் சாக்கெட்டுகள் இரண்டைக் கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள். அடுத்த மாதம் கோபம் தணிந்தபின் கேட்டால் என் சுவிட்சின் அழகைப் பற்றி இன்னும் நல்லதாகச் சொல்லக்கூடும். அப்போதும் சாக்கெட்டுகளை வாங்கிவைக்கச் சொல்வேன்.