தண்ணீர் வருவதற்கு முன்பே ஓடிய மீட்டர்: பதினான்கு மாத அனுபவம்

டர்பனுக்கு வடக்கே ஒரு மேட்டுத் தெரு. அதன் கடைசி வீடு, எல்லாவற்றிலும் உயரமான வீடு, எங்களுடையது. கடலைப் பார்க்கலாம் என்றுதான் இந்த வீட்டுக்கு வந்தோம். தண்ணீர்க் குழாயைப் பொறுத்தவரை இதைவிட மோசமான இடம் கிடையாது என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

போன வருடத் தொடக்கத்திலிருந்து வாரம் இரண்டு தடவை தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. சில நாள் பத்து மணி நேரம், சில நாள் இரண்டு பகல். எங்களிடம் 2,500 லிட்டர் ஜோஜோ தொட்டி இருக்கிறது. அதனால் குடி முழுகிவிடவில்லை. ஆனால் நான்கு பேருக்கு மாதம் 17, 18 கிலோலிட்டர் என்று வந்துகொண்டிருந்த பில், 24-க்கும் 25-க்கும் போனது. இங்கே அளவு ஏற ஏற ஒரு கிலோலிட்டரின் விலையும் ஏறும். கூடுதலாக வந்த அந்த ஏழும் விலை கூடின ஏழு. ஈஸ்டர் வாரம் மாரியம்மன் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள், அதனால் இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். அடுத்த மாதம் யாரும் வரவில்லை. பில் மட்டும் அப்படியே வந்தது.

முதலில் பில்லில் இருப்பது உண்மையாகவே எடுத்த ரீடிங்கா, உத்தேசமாகப் போட்டதா என்று பார்த்தேன். உண்மையானதுதான். பிறகு கசிவு. இரவு பதினொரு மணிக்கு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் படம் பிடித்தேன், காலை ஐந்து மணிக்கு மறுபடியும். சிவப்பு எண்கூட நகரவில்லை. (கறுப்பு எண்கள் கிலோலிட்டர், சிவப்பு எண்கள் லிட்டர்.) கழிப்பறைத் தொட்டி, கீசரின் வெளிக்குழாய், எல்லாம் சுத்தம்.

பக்கத்து வீட்டுத் தாத்தாதான் சொன்னார். "தம்பி, தண்ணி வர்றதுக்கு முன்னாடி உன் மீட்டர் கிட்ட போய்ப் பாரு. காத்து ஓடும்."

ஒரு வியாழக்கிழமை டார்ச்சோடு போய் உட்கார்ந்தேன். அன்று காலை தண்ணீர் நின்றபோது ரீடிங் 1384.216. இரவு பார்த்தால் 1384.158. அதாவது 58 லிட்டர் பின்னோக்கிப் போயிருந்தது. தண்ணீர் நின்றதும் பெரிய குழாயில் இருப்பதெல்லாம் தாழ்வான வீடுகளின் வழியாக இறங்கிவிடும். அந்த இடத்தை நிரப்ப மேட்டிலிருக்கும் எங்கள் குழாய் காற்றை உறிஞ்சும். எங்கள் மீட்டரில் திரும்பா வால்வு இல்லை, அதனால் முள் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது. இது நமக்கு லாபம். பின்னால் வரும் நட்டத்தின் முன்னால் ஒன்றுமில்லை.

இரவு 9.40-க்கு மீட்டர் பெட்டிக்குள் சீறல் கேட்டது. சின்னச் சிவப்பு முள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. மனைவி தொட்டியின் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காத்துதான் வருது, ஒரு சொட்டுத் தண்ணி இல்லை" என்றாள். 17 நிமிடம் இதே கூத்து. அப்புறம் குழாய் இருமியது, துப்பியது, தண்ணீர் வந்தது. ரீடிங் 1384.795. காற்றுக்கு மட்டும் 637 லிட்டர். பின்னோக்கிப் போனதைக் கழித்தால் 579.

இவ்வளவு காற்று எங்கிருந்து வந்தது? தெருக் குழாய் 110 மில்லிமீட்டர் பிளாஸ்டிக். ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 8 லிட்டர் கொள்ளும். முனைச் சந்திப்பிலிருந்து எங்கள் வீடு 180 மீட்டர். காலியான குழாயில் 1,400 லிட்டர் காற்று நிற்கிறது. தண்ணீர் கீழிருந்து ஏறும்போது அதைப் பிஸ்டன் மாதிரி மேலே தள்ளும். தெருவின் கடைசியில், உயரத்தில், திறந்த தொட்டியோடு இருப்பது எங்கள் வீடு. காற்று வேறு எங்கே போகும்? மீட்டருக்குள் இருப்பது ஒரு சின்னச் சக்கரம். தள்ளுவது தண்ணீரா காற்றா என்று அதற்குத் தெரியாது.

மாதத்துக்கு எட்டு தடவை என்று வைத்தால் 4.6 கிலோலிட்டர். கூடியதோ ஏறக்குறைய ஏழு. மீதி எங்கள் தலையில்தான்: தண்ணீர் இல்லாதபோது தோட்டத்துக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூட மறந்த இரவுகள் இரண்டு இருந்தன. காற்றின் மேல் எல்லாப் பழியையும் போடுபவர்கள் இதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

ஜூனில், மீட்டருக்குப் பிறகு மாட்டும் ஒரு பித்தளைக் கருவியை இணையத்தில் வாங்கினேன். விலை 1,200 ரேண்டுக்கு மேல். குழாயில் எப்போதும் காற்றுக் குமிழி இருக்கிறது, அதை அழுத்திச் சுருக்கிப் பில்லை முப்பது சதவீதம் குறைக்கும் என்று விளம்பரம். உள்ளே இருப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு, அவ்வளவுதான்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். அதைச் செய்ததுதான் இந்தப் பதினான்கு மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். பழைய டிரம்மில் 20 லிட்டர் வாளியால் பத்து தடவை ஊற்றி, 200 லிட்டருக்குக் கோடு போட்டேன். தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரு நாள் அந்தக் கோடு வரை நிரப்பினேன். மீட்டர் 201 லிட்டர் ஓடியது. கருவியை மாட்டிய பிறகு 200. நிரம்பிய குழாயில் சுருக்குவதற்குக் காற்றே இல்லை என்று அர்த்தம். இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வரும் ஊரில் இந்தக் கருவியை வாங்குபவர் காசைத் தொலைக்கிறார். உங்கள் வீட்டில் வித்தியாசம் இருந்தால், முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் தண்ணீர் திரும்பும் நாளில் அது கொஞ்சம் வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று தடவை அளந்தேன், சராசரி 390 லிட்டர். 637-லிருந்து 390. ஸ்பிரிங் வழியை அடைப்பதால் மீட்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. காற்று சுருங்குகிறது. சுருங்கிய காற்று சக்கரத்தைக் குறைவாகச் சுற்றுகிறது. அதே ஸ்பிரிங் தண்ணீரையும் தடுக்கிறது என்பதுதான் சிக்கல். ஸ்பிரிங் திறக்கவே அரை பார் வேண்டும் என்றார் பிளம்பர் அண்ணன், அதாவது 5 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். எங்கள் மேட்டில் மாலை நேரத்தில் மொத்தமே முக்கால் பார்தான் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் நிரம்பிய தொட்டிக்கு ஐந்து மணி நேரம் ஆனது. சில இரவு நிரம்பவே இல்லை. நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு செப்டம்பர் கடைசியில் கழற்றிவிட்டேன்.

கழற்றும்போது அண்ணன் சிரித்தார். "இதுக்கு எதுக்குத் தம்பி காசு? மீட்டருக்கு அப்புறம் இருக்கிற ஸ்டாப்காக்கைக் கால் திருப்பு விட்டு வை. இதேதான் நடக்கும்." அப்படியே நடந்தது. தண்ணீர் நின்றதும் ஸ்டாப்காக்கை முழுக்க மூடிவிடுவேன். திரும்பும் நேரத்தில் கொஞ்சமாகத் திறப்பேன். சீறல் நின்று தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் முழுக்கத் திறப்பேன். மீட்டருக்கும் ஸ்டாப்காக்குக்கும் நடுவில் வைத்த அழுத்தமானி ஒரு பாருக்குப் பக்கத்தில் நின்றது. வெளிக்காற்றின் அழுத்தமே கிட்டத்தட்ட ஒரு பார் என்பதால், மொத்த அழுத்தம் இரண்டு மடங்கு. காற்றின் கன அளவு பாதி. மீட்டர் ஓடியது 300 லிட்டர் சொச்சம். செலவு பூஜ்யம்.

குறை? யாராவது விழித்திருக்க வேண்டும். இன்னொன்று, நான் மூடினால் என் காற்று தாத்தா வீட்டு மீட்டர் வழியாகப் போகிறது. இரண்டு பேரும் சேர்ந்து மூடிய ஒரு இரவில், வெளியேற வழியில்லாமல் காற்று மேட்டிலேயே அடைந்துகொண்டது. விடியும் வரை இரண்டு வீட்டிலும் தண்ணீர் இல்லை.

காற்று மீட்டருக்கு முன்னாலேயே வெளியேற வேண்டும். இதற்கென்றே ஏர் வால்வு இருக்கிறது. உள்ளே ஒரு மிதவைப் பந்து. காற்று இருக்கும்வரை பந்து கீழே கிடக்கும், காற்று மேல் துளை வழியே போகும். தண்ணீர் வந்ததும் பந்து மிதந்து துளையை அடைக்கும். ஆனால் மீட்டருக்கு முன்னால் இருக்கும் குழாய் நம்முடையது அல்ல. அதில் கை வைத்தால் மீட்டரைத் திருத்திய குற்றம் நம் மேல் வரும். அண்ணனும் மறுத்துவிட்டார், நல்லவேளை.

அதனால் தண்ணீர் அலுவலகத்துக்கு எழுதினேன். முதல் கடிதத்துக்கு, மீட்டர் சரியாக இருக்கிறது என்று ஒரு வரிப் பதில். இரண்டாவது கடிதத்தில் புலம்பலை விட்டுவிட்டு, தேதி, நேரம், ரீடிங், டிரம் சோதனை, தொட்டி வாயில் காற்று வீச மீட்டர் சுற்றும் வீடியோ, எல்லாவற்றையும் வைத்தேன். தெருவின் உயரமான கடைசியில் ஏர் வால்வு இல்லை என்றும் எழுதினேன். டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். பில்லில் கழிவு எதுவும் தரவில்லை.

முதல் வாரம் அது விசில் அடித்தது, 'டப்' என்று அடைத்தது. காற்று மிக வேகமாகப் போனால் பந்தையே தூக்கிக்கொண்டு போய்த் துளையை அடைத்துவிடும். மீதிக் காற்று பழையபடி என் மீட்டருக்கு வரும். அன்று 260 லிட்டர். கீழே மெயின் வால்வை மெதுவாகத் திறக்கச் சொல்லிக் கேட்டேன், சொல்லிப் பார்க்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு 30-லிருந்து 50 லிட்டருக்குள் நிற்கிறது. பில் 18-க்கும் 19-க்கும் இறங்கிவிட்டது.

ஜனவரி மழையில் பெட்டி சேற்றால் நிரம்பியது. பந்தில் மண் சிக்கி, வால்வு ஒன்பது நாள் ஒழுகியது. ஒழுகல்கூடப் பெரிதில்லை. தண்ணீர் நிற்கும்போது இந்த வால்வு காற்றை உள்ளே இழுக்கும். பெட்டியில் சேற்றுத் தண்ணீர் நின்றால் அதையும் இழுக்கும், அது குடிக்கிற குழாயில் கலக்கும். அந்த ஒன்பது நாளும் கொதிக்கவைத்துத்தான் குடித்தோம். வந்தவர்களிடம் பெட்டியின் அடியில் வடிகால் துளை கேட்டு வாங்கினேன். இப்போது மழை பெய்தால் நான் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான்.

போன வாரம் சும்மா அதே டிரம்மை எடுத்து, அதே கோடு வரை நிரப்பினேன். மீட்டர் 192 லிட்டர்தான் காட்டியது. திரும்பச் செய்தேன், 193. ஒரு வருடம் தண்ணீர் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றியதில் சக்கரத்தின் அச்சு தேய்ந்திருக்கும் என்கிறார் அண்ணன்.

"இதுக்கும் கடிதம் எழுதுவியா தம்பி?" என்று தாத்தா கேட்டார். கடிதம் மேசை மேல்தான் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.