26-ஆம் நாளில் எடுத்த எச்பிஏ1சி

சிங்கப்பூரிலிருந்து ஐந்து வார விடுப்பில் கடலூர் வந்திருந்தேன். வந்த இரண்டாம் நாளே அம்மாவுக்கு எச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சராசரிச் சர்க்கரை, பார்த்தோம். 9.2 சதவீதம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் மருத்துவர் பழைய மாத்திரையோடு கிளிமிபிரைடு சேர்த்தார். "மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்" என்றார்.

எனக்கோ அதற்குள் விடுப்பு முடிந்துவிடும். கிளம்புவதற்குள் பலனைப் பார்த்துவிடும் ஆசையில், மருந்து மாற்றிய 25-ஆம் நாள் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை ஆறரைக்கு ஒரு பையன் வீட்டுக்கே வந்து, அம்மாவுக்கு வலிக்காமல் ரத்தம் எடுத்துப் போனான். மாலையே முடிவு போனுக்கு வந்தது. சேவையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மருந்து மாற்றி எத்தனை நாளாயிற்று என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

முடிவு 8.2. மருந்து போதவில்லை என்று பதறி, அளவைக் கூட்டச் சொல்லி மருத்துவரிடம் ஓடினேன்.

அவர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவின் குளுக்கோமீட்டர் நோட்டைக் கேட்டார். கடைசி இரண்டு வாரமாக வெறும் வயிற்றில் 110 முதல் 120, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 160-ஐ ஒட்டி. 8.2 என்பது சராசரி 189-க்குச் சமம். இரண்டும் பொருந்தவில்லையே என்றேன்.

"பொருந்தாது தம்பி. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதில் ஒட்டிய சர்க்கரை, அந்த அணு அழியும்வரை போகாது. அம்மாவின் ரத்தத்தில் இன்று ஓடும் அணுக்களில் பெரும்பாலானவை மருந்து மாற்றும் முன்பே பிறந்தவை. அந்தப் பழைய கணக்கும் இதில் சேர்ந்திருக்கிறது."

கடைசி ஒரு மாதச் சர்க்கரைதான் முடிவில் ஏறத்தாழ பாதியைத் தீர்மானிக்கிறதாம். மீதி அதற்கு முந்தைய மாதங்களுடையது. 9.2-இலிருந்து 7-ஐ நோக்கி இறங்குகிறவருக்கு ஒரு மாத முடிவில் 8.1, 8.2 தான் வரும். அதாவது மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கிறது. பாதி வழியில் எடுத்த படத்தை ஊர் வந்து சேர்ந்த படம் என்று நான் நினைத்துவிட்டேன்.

அன்று அளவைக் கூட்டியிருந்தால்? கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. ஏற்கெனவே 110-இல் நிற்கும் 68 வயது அம்மாவுக்கு, விடியற்காலையில் சர்க்கரை 70-க்குக் கீழே போய் வியர்த்து மயங்கியிருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

இடையில் ரத்தம் ஏற்றினாலோ, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினாலோ மூன்றாம் மாத முடிவும் மாறிப்போகும், அப்படி ஏதும் நடந்தால் சொல்ல வேண்டும் என்றார். அதுவரை குளுக்கோமீட்டரை நம்பச் சொன்னார்.

நான் திரும்பியபின் அதே கூடத்தில் தங்கை பரிசோதனை எடுத்தாள். மருந்து மாற்றி 92 நாள். அளவு கூட்டவே இல்லை. 7.1.