பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லும் தரகரிடம் உஷாராக இருங்கள்

என் தம்பி 2024-ல் சென்னைப் புறநகரில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கினான். பேசி முடித்த விலை 60 லட்சம். 5 லட்சம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்ட பிறகுதான் விற்பவரின் தரகர் வாயைத் திறந்தார். “பத்திரத்துல 45 போட்டுக்கலாம் சார், கவர்மென்ட் கைடுலைன் மதிப்பு அவ்வளவுதான். மீதி 15-ஐக் கேஷா கொடுத்துடுங்க. உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம்.” தம்பி தயங்கியதும் பேச்சு மாறியது. இஷ்டமில்லை என்றால் வேறு பார்ட்டி இருக்கிறது, அட்வான்ஸ் திரும்ப வராது என்றார்கள். வேறு வழியில்லாமல் சம்மதித்தான்.

தமிழ்நாட்டில் பழைய ஃபிளாட் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். (பில்டரிடம் முதல் கையாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து தீர்வை குறைவு, அது வேறு கணக்கு.) 60 லட்சத்துக்கு 5.40 லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் 45 லட்சத்துக்கு 4.05 லட்சம் கட்டினான். ஆக, தம்பிக்கு மிச்சம் 1.35 லட்சம். விற்றவருக்கோ 15 லட்சம் லாபம் கணக்கிலேயே வராது. தரகர் யாருக்காக அவ்வளவு மெனக்கெட்டார் என்பது இதிலேயே தெரியும்.

அந்த 45 லட்சமே பொய்க் கணக்கு என்பது பதிவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. பழைய ஃபிளாட்டுக்கு மதிப்பு போடும்போது, நம் பங்காக வரும் பிரிபடாத பாக நிலத்தை அந்தத் தெருவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பால், அதாவது கைடுலைனால் பெருக்கி, அதோடு கட்டடத்தின் மதிப்பைச் சேர்ப்பார்கள். தம்பியின் பாகம் 500 சதுர அடி, கட்டடம் 20 லட்சம். அந்தக் குடியிருப்புக்கு இரண்டு பக்கமும் தெரு. தரகர் கூட்டிவந்த பத்திர எழுத்தர் பின்பக்கச் சந்தின் மதிப்பான சதுர அடிக்கு 5,000 ரூபாயைப் போட்டு, நிலம் 25 லட்சம் என்று எழுதிவிட்டார். பிரதான வாசலும் கதவு எண்ணும் இருப்பது மெயின் ரோட்டில். அங்கே மதிப்பு 6,400. அப்படிப் பார்த்தால் நிலம் 32 லட்சம், மொத்தம் 52 லட்சம்.

பதிவு முடிந்து எண்ணும் விழுந்தது, ஆனால் பத்திரம் கைக்கு வரவில்லை. பதிவு அலுவலகத்தினர் இடத்தை நேரில் பார்த்த பிறகு, 7 லட்சம் வித்தியாசத்துக்கு 63,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். கட்டாவிட்டால் முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவின்படி தனித் துணை ஆட்சியருக்கு (முத்திரை) போகும். நிஜமாகவே வழிகாட்டி மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் அங்கே போய் வாதாடலாம். தம்பி எதைச் சொல்லி வாதாடுவான்? கட்டிவிட்டான். பத்திரம் கைக்கு வந்துவிட்டாலே தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். பதிவான நாளிலிருந்து 5 ஆண்டுகள் வரை ஆட்சியர் தானாகவே எடுத்து விசாரிக்க அந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது.

பெரிய அடி வருமான வரியில் விழுந்தது. 2024-ல் இருந்த விதிப்படி, 30 லட்சமும் அதற்கு மேலும் போகும் சொத்துப் பரிமாற்றத்தைப் பதிவு அலுவலகமே வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். பத்திர விலை 45, அரசு மதிப்பு 52. விலையில் 10 சதவீதம் வரை வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுவார்கள். இங்கே அந்த வரம்பு 4.5 லட்சம்தான். தாண்டிவிட்டால், தாண்டிய தொகை மட்டும் அல்ல, முழு 7 லட்சமும் வாங்கியவரின் வருமானமாகச் சேரும், அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 56(2)(x) பிரிவில். தம்பி 30 சதவீத வரி கட்டுபவன். செஸ்ஸோடு சேர்த்து 2.18 லட்சம், வட்டி தனி.

“நான் 60 கொடுத்துத்தானே வாங்கினேன்” என்று அவனால் அங்கே சொல்லவும் முடியாது. சொன்னால் 15 லட்சம் ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அதில் பாதி அண்ணியின் நகையை அடகு வைத்தது, அதற்கு ரசீது இருக்கிறது. மீதி உறவினர்களிடம் கைமாற்றாக வாங்கியது, அதற்கு எந்தத் துண்டுச்சீட்டும் கிடையாது. வங்கியும் பத்திர விலையில் 80 சதவீதம்தான் கடன் கொடுக்கும் என்பதால் 48 லட்சத்துக்குப் பதில் 36 லட்சம்தான் கிடைத்தது. கைமாற்று வாங்க நேர்ந்ததே அதனால்தான்.

வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே tnreginet.gov.in தளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். தெருப் பெயரிலும் தேடுங்கள், சர்வே எண்ணிலும் தேடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அதிகமானதை வைத்தே கணக்குப் போடுங்கள். மூலை மனையாக இருந்தால் இரண்டு தெருவையும் பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் முழு விலையையும், அதே விலைக்குத்தான் கிரயப் பத்திரம் என்ற வரியையும் எழுதி வாங்கிய பிறகு காசோலையைக் கொடுங்கள். அந்த வரி இருந்திருந்தால், அட்வான்ஸ் போய்விடும் என்று தம்பியை அவர்கள் மிரட்டியிருக்க முடியாது.