அரை மைக்ரானா, ஐம்பதா?

பெங்களூரில் நண்பர் என்னிடம் கேட்டது: 2% செம்பு கலந்த அலுமினியக் கம்பியை மெதுவாக இழுத்து உறையவைப்பதா, வேகமாகவா? உலையில் வெப்பம் மில்லிமீட்டருக்கு 10 டிகிரி ஏறுகிறது.

உறையும் அலுமினியம் பெரும்பாலான செம்பை முன்னே தள்ளிவிடும். செம்பு குவிந்த திரவத்தின் உறைநிலை குறையும்; திடமும் திரவமும் சந்திக்கும் முகப்பிலிருந்து விலக விலக மறுபடி ஏறும்.

நொடிக்கு அரை மைக்ரான் என்றால் அந்தக் குவியல் சுமார் 6 மி.மீ. பரந்திருக்கும். அதற்குள் உறைநிலை 20 டிகிரி ஏற, திரவத்தின் சூடு 60 ஏறிவிடுகிறது. முகப்பில் எங்காவது ஒரு மேடு முன்னே நீண்டாலும் உருகிவிடும். முகப்பு தட்டையாகவே நகரும்.

நொடிக்கு 50 மைக்ரானில் குவியல் வெறும் 0.06 மி.மீ. உறைநிலை அதே 20 ஏறும். சூடோ அரை டிகிரிதான். மேட்டுக்கு எதிரே உறையத் தயாரான திரவம்! முனை பாயும், பக்கக் கிளை விடும். உறைந்த கம்பியை வேதிக் கரைசலால் அரித்துப் பார்த்தால் கிளைகளுக்கு நடுவே செம்பு தேங்கியிருக்கும்.

முகப்பு தட்டையாக இருக்கும் எல்லை நொடிக்கு ஏறக்குறைய 1 மைக்ரான். அதைச் சற்றே தாண்டினால் விரல்போல் நீளும், கிளையில்லாத செல்கள்தான். வார்ப்பு வேலைக்கு இந்த ஆமை வேகம் கட்டாது. அங்கே டென்ட்ரைட் என்னும் இந்தக் கிளைவிட்ட படிகத்தோடு வாழ்வதுதான் வழி.