ஏறுவரிசைச் சொற்கள்: எந்த அகரவரிசையை நம்புவது?

ஆங்கிலச் சொல்விளையாட்டுக்காரர்களிடம் ஒரு பழைய தேடல் உண்டு. எழுத்துகள் அகரவரிசைப்படியே வந்து, எங்கும் பின்வாங்காமல், ஒரே எழுத்து இரண்டாம் முறை வராமல் அமைந்த மிக நீளமான சொல் எது? அவர்கள் அடிக்கடி சொல்லும் விடை ஏஜிலாப்ஸ். கோதுமைக்கு உறவான ஒரு புல்லினத்தின் பெயர், ஆங்கிலத்தில் aegilops என எட்டு எழுத்து.

இதையே தமிழில் தேட உட்கார்ந்தால், சொல்லைத் தேடுவதற்கு முன்பே ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. எழுத்து என்று எதை எண்ணுவது, எந்த வரிசையில் அடுக்குவது? இதற்கு நான்கு விடைகள் போட்டியிடுகின்றன. ஒவ்வொன்றும் வேறொரு சொல்லுக்குப் பட்டம் சூட்டுகிறது. நான்கையும் சோதிக்க, கையோடு ‘தமிழ்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, உயிரையும் மெய்யையும் பிரித்து எண்ணுவது. இலக்கணப்படி இதில் குறை சொல்ல முடியாது. தொல்காப்பியம் ‘அகரமுதல் னகர இறுவாய் முப்பஃது’ என்றுதானே எழுத்தை எண்ணுகிறது! ஆனால் விளையாட்டு இரண்டே எழுத்தில் முடிந்துவிடுகிறது. உயிர்கள் எல்லாம் வரிசையின் முன்பகுதியில் நிற்பதால், ஒரு மெய்க்குப் பின் உயிர் வந்தாலே இறக்கம்தான். ‘தமிழ்’ த்+அ என்ற முதல் அடியிலேயே விழுகிறது. உயிரில் தொடங்கி ஒரு மெய்யில் முடிகிற ஊர், ஆள், ஏன் போன்றவை மட்டுமே தேறும். தமிழ்ச் சொல் இரண்டு மெய்களில் முடிவதில்லை என்பதால் அதற்கு மேல் வழியில்லை. இதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது, பள்ளிச் சுவரில் தொங்கும் அரிச்சுவடி அட்டை. உயிர் 12, ஆய்தம், மெய் 18, பிறகு உயிர்மெய் 216. இங்கே உயிர்மெய்க்குப் பின் புள்ளியெழுத்து வந்தால் அது பின்வாங்கல். எனவே ம், ன், ர், ல், ள், ழ் என்று முடியும் சொற்களில் பெரும்பாலானவை வெளியேறிவிடுகின்றன. ‘தமிழ்’ கடைசி எழுத்தில் விழுகிறது. மிஞ்சுபவை அம்மா, அப்பா, அக்கறை, எச்சரி மாதிரியானவை. எனக்கு அகப்பட்டதில் நீளமானது ‘உத்தரவு’, ஐந்து எழுத்து. அட்டை கற்பிப்பதற்காகச் செய்தது, தேடுவதற்காக அல்ல. அதன்மேல் எனக்குப் பகையில்லை.

மூன்றாவது அகராதி வரிசை. இதில் க், க, கா, கி என்று ஒவ்வொரு மெய்யும் தன் குடும்பத்தின் தலையில் நிற்கிறது. கௌ முடிந்த பிறகுதான் ங் வரும். சிறிய மாற்றமாகத் தோன்றினாலும் ஆட்டத்தின் சுவை இதில்தான் பிறக்கிறது. க் முதலில், க அடுத்து என்பதால் க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப எல்லாமே ஏற்றங்கள். தமிழில் இரட்டிப்புக்கா பஞ்சம்! ‘தமிழ்’ த, மி, ழ் என்று தடையில்லாமல் ஏறுகிறது.

இங்கே காலை வாரிவிடுவது மெல்லினம். எழுத்துகள் இனத்தாலும் சிறப்பாலும் முறைப்படுத்தப்பட்டன என்கிறது நன்னூல். அந்த இனமுறைப்படி க-வை அடுத்து ங, ச-வை அடுத்து ஞ, ட-வை அடுத்து ண என்று வல்லினம் முன்னும் மெல்லினம் பின்னுமாக நிற்கின்றன. சொல்லுக்குள்ளோ தலைகீழ்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. ஆகவே அங்கே, பஞ்சு, நண்டு, பந்து, பாம்பு, கன்று எல்லாம் சறுக்குகின்றன. பன்மை விகுதி ‘கள்’ இன்னும் மோசம். க வரிசையின் தொடக்கத்தில் இருப்பதால், ஈக்கள் போல உயிரெழுத்தோடு ஒட்டிய ஓரிரு சொற்களைத் தவிர மற்றவற்றில் அது வந்தாலே ஆட்டம் முடிந்தது.

மரியாதைக்கும் இங்கே இடம் குறைவு. கணவன் ஏறுகிறான், கணவர் விழுகிறார். அடுத்தவனும் அடுத்தவளும் ஆறு எழுத்து ஏற, அடுத்தவர் மட்டும் தங்கிவிடுகிறார். வ-வுக்கு முன்னால் ர இருப்பதுதான் காரணம். அகப்பொருள் ஏறும், புறப்பொருள் ஏறாது.

ஆறெழுத்தில் கூட்டம் அதிகம்: கட்டுத்தறி, கச்சத்தீவு, அச்சுப்பிழை, கூட்டுப்புழு, அச்சமில்லை. எனக்குப் பிடித்தது அகத்தியன். அ, க, த், தி, ய, ன் என்று அகரத்தில் தொடங்கி னகரத்தில் இறும் பெயர், அதுவும் தமிழ் இலக்கணத்தின் ஆதி ஆசிரியன் என்று மரபு சொல்கிறவன் பெயர். ஏழெழுத்தில் அகப்பட்டது கச்சாப்பொருள்: க, ச், சா, ப், பொ, ரு, ள். இதைப் பிரித்து எழுதுகிறவர்கள் ஏற்க மாட்டார்கள். அவர்களுக்கு அகத்தியனே போதும்.

நான்காவது போட்டியாளரைப் பலர் தேர்ந்தெடுப்பதே இல்லை, அது தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சொற்பட்டியலைக் கணினியில் ஏற்றி, எழுத்துகளை நேரடியாக ஒப்பிட்டால் கிடைப்பது யூனிகோட் வரிசை. பைத்தானில் கேட்டுப் பாருங்கள்:

```python
>>> "க்" < "க"
False
>>> "வ" < "ன"
False
```

யூனிகோடில் புள்ளி என்பது க-வுக்குப் பின் ஒட்டும் தனிக் குறி. ஆகவே க் என்பது க-வுக்கு மட்டுமல்ல, கௌ-வுக்கும் பின்னால் போய்விடுகிறது. இரட்டிப்புகள் எல்லாம் இறக்கமாகின்றன. ன எழுத்து ந-வுக்கு அடுத்தும், ற எழுத்து ர-வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. கச்சாப்பொருள் இரண்டாம் எழுத்தைத் தாண்டும்போதே விழும், அகத்தியன் த்-தி என்ற இடத்தில் விழுவான். ‘தமிழ்’ மட்டும் தப்பிவிடும் என்பதால், அதை மட்டும் சோதித்துவிட்டு நிரல் சரி என்று நம்பக் கூடாது. அதிலும், உயிர்க்குறிகளை மெய்யோடு சேர்க்காமல் குறி குறியாக எண்ணினால் தமிழும் விழும். கோளாற்றைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது. விடைப் பட்டியலில் அன்பும் இன்பமும் இருந்தால் நிரல் யூனிகோட் வரிசையில் ஓடுகிறது என்று பொருள். அகராதி வரிசையில் ன் கடைசிக் குடும்பம், அதன்பின் பு வர வாய்ப்பே இல்லை. தீர்வு கடினமல்ல. சொல்லை முழு எழுத்துகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் 247-இல் அதன் இடத்தை எண்ணாகக் கொடுத்து, எண்களை ஒப்பிட வேண்டும்.

நால்வரில் என் வாக்கு அகராதிக்கு. ஏன் என்று மேலே உள்ள சொற்களே சொல்லும். ஆனால் அகராதிக்காரர்களுக்குள்ளும் ஒரு பிளவு இருக்கிறது. தலைச்சொல் மட்டுமா, வேற்றுமையும் விகுதியும் ஏறிய வடிவங்களுமா? இரண்டாவதை அனுமதித்தால் ஏழு என்ற எல்லை உடனே உடைகிறது. அச்சடித்தவள் எட்டு. அச்சடித்ததில்லை ஒன்பது. ‘அச்சடித்ததிலுள்ள பிழைகள்’ என்று எழுதினால் அ, ச், ச, டி, த், த, தி, லு, ள், ள எனப் பத்து. த-வுக்குப் பின் தி வருவதும் ஏற்றம்தான், ஒரே குடும்பத்துக்குள் உயிர் நகர்கிறது. ‘இக்கூட்டத்திலுள்ள’ என்பதும் பத்து. அதோடு ன சேர்த்து ‘இக்கூட்டத்திலுள்ளன’ என்றால் பதினொன்று. அங்கே னகரம் வந்துவிட்டது. ஆனாலும் ஆட்டம் தானாக முடியாது. னா, னி, னு என்று அந்தக் குடும்பத்தின் உயிர்கள் இன்னும் பாக்கியிருக்கின்றன.